வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணலாமா? பிரீமியம் முதல் கிளெய்ம் வரை... பாலிசி வார்த்தைகள், புரியும் தமிழில்!

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையை கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய நாள் முழுக்க பேய் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. இரவோடு இரவாக அடையாறு கரையைத் தாண்டி வீடுகளுக்குள் வந்தது. அபார்ட்மென்ட் தரைத்தளங்களில் நிறுத்தியிருந்த கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன. ஆறே இல்லாத தி.நகரிலும் கார்கள் தண்ணீரில்தான் நின்றன. ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. 1920-களில் மாம்பலம் பகுதி ஏரியை வற்றவைத்து உருவாக்கிய ஊர் அது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, லேக்தான் இல்லை!

தண்ணீர் வடிந்ததும் நம்மில் பலர் முதலில் செய்த காரியம் ஒன்று உண்டு. ‘ஓடுதான்னு பார்ப்போமே’ என்று சாவியைப் போட்டுத் திருகியது. அந்த ஒரு திருகலில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று இன்ஜின் செலவு ஏறியது. “ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேனே சார், ஏன் தர மாட்டேங்கறாங்க?” என்ற கேள்வி அப்போது ஒர்க்‌ஷாப்புக்கு ஒர்க்‌ஷாப் கேட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கேள்விதான்.

‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்று ஒரு பாலிசி கிடையாது. நாம் பழக்கத்தில் சொல்கிற பெயர் அது. பாலிசியில் இருப்பதெல்லாம் பிரீமியம், காப்பீட்டுத் தொகை, விலக்கு, கிளெய்ம் போன்ற சில வார்த்தைகள். வெள்ளத்தில் நின்ற ஒரு காரை வைத்துக்கொண்டே அந்த வார்த்தைகளைப் பார்த்துவிடலாம். உங்கள் பாலிசியை இ-மெயிலில் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

பிரீமியம்... ஒரே ரசீது, இரண்டு பாலிசி!

பிரீமியம் என்பது காப்பீட்டுக்காக நீங்கள் கட்டும் கட்டணம். கார் பாலிசியில் அது ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பகுதிகள் இருக்கும்.

முதலாவது, தேர்டு பார்ட்டி. உங்கள் கார் இன்னொருவரை இடித்துவிட்டால், அவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கான பகுதி இது. மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி 1,000 முதல் 1,500 சி.சி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். எந்த கம்பெனியில் போட்டாலும் இதில் பேரம் கிடையாது.

இரண்டாவது, ஓன் டேமேஜ். அதாவது உங்கள் காருக்கு ஏற்படும் சேதம். தீ, திருட்டு, விபத்து ஆகியவற்றோடு புயலும் வெள்ளமும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. கம்பெனிக்கு கம்பெனி ரேட் மாறுவதும், ஏஜென்ட் ‘டிஸ்கவுன்ட் தர்றேன் சார்’ என்று சொல்வதும் இந்தப் பகுதியில்தான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனியுங்கள். 2018 செப்டம்பர் முதல், புது கார் வாங்கும்போதே தேர்டு பார்ட்டியை மூன்று வருடங்களுக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும். ஓன் டேமேஜை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்திருப்பார்கள். ஷோரூமில் கையில் கொடுத்த காகிதத்தில் ‘மூன்று வருடம்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது வருடம் எதுவுமே கட்டாமல் இருப்பவர்கள் உண்டு. போலீஸ் நிறுத்தினால் தேர்டு பார்ட்டி இருக்கிறது, பிரச்னை வராது. வெள்ளம் வந்தால்தான் தெரியும், உங்கள் காருக்கு ஒரு பைசா கவர் இல்லையென்று. பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியாக ‘எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை’ என்று போட்டிருக்கும். இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சம் அஷ்யூர்டா, ஐ.டி.வி-யா?

எல்.ஐ.சி பாலிசி வைத்திருக்கும் எல்லோருக்கும் ‘சம் அஷ்யூர்ட்’ என்ற வார்த்தை பழக்கம்தான். பத்து லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு எடுத்தவர் பாலிசி காலத்தில் இறந்துவிட்டால், குடும்பத்துக்குப் பத்து லட்சம் வரும். உயிருக்கு விலை போட முடியாது என்பதால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் தொகை இது.

கார், வீடு, மருத்துவக் காப்பீடுகளில் இருப்பது வேறு. அங்கே பாலிசியில் இருக்கும் தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குள் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டமோ, அதை மட்டும்தான் தருவார்கள். ‘அஞ்சு லட்சத்துக்கு இன்ஷூர் பண்ணியிருக்கேன், அஞ்சு லட்சம் குடு’ என்று கேட்க முடியாது.

காரில் இந்த உச்சவரம்புக்குப் பெயர் ஐ.டி.வி. உங்கள் மாடலின் இன்றைய ஷோரூம் விலையில், காரின் வயதுக்கேற்ப தேய்மானம் கழித்தால் வருவது இது. மூன்று வயது முடிந்து நான்கு ஆகாத காருக்கு 40 சதவிகிதம் கழியும். எட்டு லட்சம் விலையுள்ள கார் என்றால், ஐ.டி.வி 4,80,000 ரூபாய்.

ஆன்லைனில் புதுப்பிக்கும்போது இந்தத் தொகையைக் கொஞ்சம் ஏற்றவும் இறக்கவும் விடுவார்கள். இறக்கினால் பிரீமியம் சில நூறு ரூபாய் குறையும். ‘எப்படியும் கிளெய்ம் பண்ணப்போறதில்ல’ என்று இறக்குபவர்கள் அதிகம். இந்தச் சில நூறு ரூபாய் லாபம் எங்கே திருப்பி அடிக்கும் தெரியுமா? ரிப்பேர் செலவு ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், காரை முழு நஷ்டமாகக் கருதி, ரிப்பேர் செய்யாமல் ஐ.டி.வி தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். கூரை வரை மூழ்கிய கார்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் போகும். அப்போது நீங்கள் இறக்கி வைத்த தொகைதான் உங்கள் கைக்கு வரும். சென்னையில் அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாகக் குடியிருந்துகொண்டு ஐ.டி.வி-யைக் குறைப்பது, என்னைக் கேட்டால், வேண்டாத வேலை.

விலக்கு... சின்ன எழுத்தில் இருக்கும் பெரிய விஷயம்

எக்ஸ்க்ளூஷன் என்றால் விலக்கு. ‘இதற்கெல்லாம் பணம் தர மாட்டோம்’ என்று கம்பெனி முன்கூட்டியே எழுதி வைக்கும் பட்டியல். குடித்துவிட்டு ஓட்டியது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது போன்றவை எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தில் நம்மைக் கடிப்பவை வேறு இரண்டு. ஒன்று, இயந்திரக் கோளாறு மற்றும் மின்கோளாறு. மற்றொன்று, ‘கான்சிக்வென்ஷியல் லாஸ்’ என்னும் தொடர்விளைவு நஷ்டம். முதலில் நடந்த சேதத்துக்குப் பிறகு, அதைத் தொடர்ந்து வேறொரு செயலால் வந்த இரண்டாவது சேதம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது புரிய வேண்டுமென்றால் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இன்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் காற்றை அழுத்துகிறது. காற்று அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. கார் தண்ணீரில் நின்றபோது, காற்று உள்ளே போகும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கலாம். கார் சும்மா நிற்கும்வரை அந்தத் தண்ணீர் பெரிதாக எதையும் உடைப்பதில்லை. மெக்கானிக் அதை வெளியேற்றி, ஆயிலை மாற்றி, உள்ளே சுத்தம் செய்துவிட முடியும். நாள்கணக்கில் விட்டால் துருப்பிடிக்கும், அது வேறு கதை. ஆனால், நீங்கள் சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டார் பிஸ்டனை மேலே தள்ளும். மேலே சுருங்காத தண்ணீர். நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நேரம் அது உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஹைட்ரோ லாக்’ என்கிறார்கள்.

இப்போது கம்பெனியின் வாதத்தைக் கேளுங்கள். ‘வெள்ளத்தால் சீட் நனைந்தது, வயரிங் போனது... தருகிறோம். ஆனால், ராடு வளைந்தது வெள்ளத்தால் இல்லை. நீங்கள் ஸ்டார்ட் செய்ததால். அது தொடர்விளைவு, எனவே விலக்கு.’ முழங்கால் தண்ணீரில் காரை ஓட்டிப்போய், நடுரோட்டில் ஆஃப் ஆகி, மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்தவர்களுக்கும் இதே பதில்தான்.

இந்த வாதம் எப்போதும் ஜெயிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘வெள்ளம் வராவிட்டால் தண்ணீர் எப்படி உள்ளே போயிருக்கும், மூலகாரணம் வெள்ளம்தானே’ என்று நுகர்வோர் ஆணையங்களில் வாதாடி இன்ஜின் செலவைப் பெற்றவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. கார் நின்றுகொண்டிருந்தபோது தண்ணீர் புகுந்ததா, ஓட்டும்போதா, அதன் பிறகு ஸ்டார்ட் செய்யப்பட்டதா என்ற விவரங்களைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. அதனால்தான் நின்ற இடத்திலேயே எடுத்த போட்டோ அத்தனை முக்கியம்.

இந்த விலக்கை முன்கூட்டியே அடைக்க ஒரு வழி இருக்கிறது. ‘இன்ஜின் புரொடக்‌ஷன்’ என்ற கூடுதல் கவர். தனியாகக் கொஞ்சம் பிரீமியம் கட்டி, பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ சேர்த்துக்கொள்ளலாம். வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்த பிறகு ஓடினால் பொதுவாகக் கிடைக்காது. இதிலும் சின்ன எழுத்து உண்டு. தண்ணீர் புகுந்தது தெரிந்தும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து சேதத்தை அதிகமாக்கினாலோ, காரை எடுக்காமல் நாள்கணக்கில் அப்படியே விட்டுவிட்டாலோ தர மாட்டோம் என்று சில பாலிசிகளில் இருக்கும். கவர் இருக்கிறது என்பதற்காகச் சாவியைத் திருகலாம் என்று அர்த்தமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

அடையாறு காந்தி நகரில் ஓர் அபார்ட்மென்ட். கீழே பார்க்கிங்கில் சீட் மட்டத்துக்குத் தண்ணீர். கார், மேலே சொன்ன அதே எட்டு லட்ச ரூபாய் பெட்ரோல் கார். வயது மூன்றைத் தாண்டியது, 1,200 சி.சி. ஐ.டி.வி 4,80,000 ரூபாய். கூடுதல் கவர் எதுவும் இல்லை. இவை உதாரணத்துக்காக நாம் போட்டுக்கொண்ட எண்கள்தான். கழிக்கும் விகிதங்கள் மட்டும் நிஜமான பாலிசிகளில் இருப்பவை. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

உரிமையாளர் சாவியைத் தொடவில்லை என்று வையுங்கள். ஒர்க்‌ஷாப் பில் 1,45,000 ரூபாய். இதில் கழற்றி, காயவைத்து, சுத்தம் செய்து மாட்டும் கூலி 40,000. கூலிக்குத் தேய்மானம் இல்லை, முழுதாகக் கிடைக்கும். கார்பெட், டோர் பேடு, பிளாஸ்டிக் பாகங்கள் 60,000. பிளாஸ்டிக், ரப்பர் என்றால் காருக்கு எத்தனை வயதானாலும் பாதிதான் தருவார்கள். எனவே 30,000. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் போன்றவை 40,000. இந்த வயது காருக்கு இவற்றில் 25 சதவிகிதம் தேய்மானம் போக 30,000 கிடைக்கும். இன்ஜின் ஆயில், கூலன்ட் போன்றவை 5,000. இவை தீர்ந்துபோகும் பொருள்கள் என்பதால் எதுவும் கிடைக்காது.

கூட்டினால் ஒரு லட்சம். இதில் ‘கட்டாயக் கழிவு’ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் சில ரூபாயை நீங்கள் ஏற்க வேண்டும். 1,500 சி.சி வரை அது 1,000 ரூபாய். ஆக, கம்பெனி தருவது 99,000. உங்கள் கையிலிருந்து 46,000. ஒரு தப்பும் செய்யாமலேயே 46,000 போகிறது என்பதைப் பார்த்தீர்களா? வெள்ளம் முடிந்த பிறகு வரும் சண்டைகளில் நிறைய, விலக்கைப் பற்றியதே இல்லை, இந்தத் தேய்மானத்தைப் பற்றியதுதான். ‘ஜீரோ டெப்’ கவர் இருந்திருந்தால் பிளாஸ்டிக்கிலும் மற்ற பாகங்களிலும் கழித்த 40,000 திரும்பியிருக்கும். உங்கள் செலவு ஆறாயிரத்தோடு முடிந்திருக்கும்.

இப்போது அதே காரில் சாவியைத் திருகிவிட்டார் என்று வையுங்கள். ராடு வளைந்து, இன்ஜின் வேலை கூடுதலாக 1,50,000. மொத்த பில் 2,95,000. ஐ.டி.வி-யில் 75 சதவிகிதம் என்பது 3,60,000. அதைத் தாண்டவில்லை என்பதால் முழு நஷ்டமாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்ஜின் தொகைக்கு விலக்கு. கம்பெனி தருவது அதே 99,000. உங்கள் கையிலிருந்து 1,96,000! இன்ஜின் புரொடக்‌ஷன் மட்டும் இருந்து, அது ஏற்கப்பட்டிருந்தால், 25 சதவிகிதத் தேய்மானம் போக 1,12,500 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த காலை... கிளெய்ம் இங்கே ஆரம்பிக்கிறது

கிளெய்ம் என்பது ‘எனக்கு நஷ்டம் ஆகிவிட்டது, பேசியபடி கொடு’ என்று கம்பெனியைக் கேட்பது. ஃபார்ம் நிரப்புவதற்கு ரொம்ப முன்னாலேயே, காருக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கும் அந்த முதல் பத்து நிமிடங்களில் அது ஆரம்பித்துவிடுகிறது.

சாவி பாக்கெட்டிலேயே இருக்கட்டும். ரிமோட் பட்டனைக்கூட அழுத்த வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழற்றத் தெரிந்தால் கழற்றுங்கள், தெரியாவிட்டால் மெக்கானிக் வரட்டும். தண்ணீர் நிற்கும்போதே நம்பர் பிளேட் தெரியும்படி போட்டோ எடுங்கள். வடிந்த பிறகு என்றால், கதவிலும் சீட்டிலும் சேறு விட்டுச்சென்ற கோடு தெரியும்படி எடுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. வாட்டர் வாஷ் செய்துவிட்டு போட்டோ எடுத்தால் சாட்சியை நீங்களே கழுவிவிட்டதாக அர்த்தம்!

அடுத்து கம்பெனிக்குத் தகவல். ஆப், இ-மெயில், டோல் ஃப்ரீ எதுவானாலும் சரி. கிளெய்ம் நம்பர் ஒன்று கொடுப்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது மட்டும் தகவல் கொடுத்ததாகாது. வெள்ள நேரத்தில் கரன்ட் இருக்காது, போன் இருக்காது. அதனால் இரண்டு மூன்று நாள் தாமதமானால் பயப்பட வேண்டாம். நியாயமான காரணம் இருந்தால், தாமதம் என்ற ஒன்றை மட்டும் சொல்லி நிஜமான கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று 2011 செப்டம்பரிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஏன் தாமதம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

காரைக் கயிறு கட்டி இழுக்காமல், லாரியின் மேல் ஏற்றிப்போகச் சொல்லுங்கள். கியரில் இருக்கும் காரை இழுத்தால் சக்கரத்தோடு இன்ஜினும் சுற்றும். நீங்கள் திருகாத சாவியை ரோடு திருகிவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் எதையும் பிரிக்கும் முன் சர்வேயர் பார்க்க வேண்டும். பெரிய தொகை கிளெய்ம்களில் சேதத்தை மதிப்பிட கம்பெனி நியமிக்கும் லைசென்ஸ் பெற்ற ஆள் அவர். வெள்ள நேரத்தில் ஒரு சர்வேயர் தலையில் நூறு கார்கள் இருக்கும். தாமதமாகிறது என்று இ-மெயில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டுப் பிரித்துவிட்டால் ‘முன்னாடி எப்படி இருந்ததுன்னு எங்களுக்குத் தெரியாதே’ என்பார்கள்.

சர்வேயர் என்ன பார்ப்பார் என்று தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது. ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும் வழி திறந்திருக்கிறது. ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டும் இருந்தும் ராடு நேராக இருந்தால், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை என்று புரிந்துகொள்வார். ‘வண்டி ஸ்டார்ட் பண்ணீங்களா?’ என்று கேட்பார். பொய் சொல்லிப் பயனில்லை, வளைந்த ராடே சொல்லிவிடும். தவிர, கிளெய்ம் ஃபார்மில் பொய் எழுதினால் நியாயமாக வர வேண்டிய 99,000-மும் சிக்கலில் மாட்டும்.

கடைசியில் ‘முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்’ என்று ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். தொகை சரி என்றால் போடுங்கள். இல்லையென்றால், ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று இ-மெயிலிலும் எழுதிவிட்டு, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற கணக்கையும், சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.

இன்னொன்று. கிளெய்ம் வாங்கினால் உங்கள் ‘நோ கிளெய்ம் போனஸ்’ பூஜ்யத்துக்குப் போகும். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து, ஐந்து வருடங்களில் 50 சதவிகிதம் வரை ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. கார்பெட் மட்டும் நனைந்து நாலாயிரம் செலவென்றால், போனஸை இழப்பதைவிடக் கைக்காசைப் போட்டுவிடுவது லாபமாக இருக்கலாம். லட்சக் கணக்கில் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? ஊரே சிரித்தது. மேலே உள்ள கணக்கைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுத்துவிட்டால்?

‘இன்ஜின் கிளெய்ம் ரிஜெக்ட்’ என்று போனில் சொன்னால் போதாது. எந்த ஷரத்தின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஷரத்து உங்கள் பாலிசியில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அந்த கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். நமக்கு அது தூரமில்லை. தேனாம்பேட்டையில், அண்ணா சாலை 453-ம் எண்ணில், ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தின் நான்காவது மாடி. தி.நகரிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் ஆட்டோவில் போய்விடும் தூரம்தான்.

ஃபீஸ் கிடையாது. வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் விசாரிக்கலாம். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதன் பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். ஆனால், ஆணையத்தில் முதலில் வழக்கு போட்டுவிட்டால் அதே விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே, தேனாம்பேட்டையில் இறங்கிவிட்டுப் பிறகு மேலே போவதே சரியான வரிசை. போகும்போது பாலிசி, மறுப்புக் கடிதம், ஒர்க்‌ஷாப் பில், அந்தச் சேற்றுக்கோடு தெரியும் போட்டோ நான்கையும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.